இறால் ரப்பராகாமல் வேக எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா 20 நிமிஷம் வேகவிடச் சொல்றாங்க, யூடியூப்ல 3 நிமிஷம்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

அம்மா சொல்லும் 20 நிமிஷம் தொக்குக்கான நேரம். வீடியோவில் சொல்லும் 3 நிமிஷம் இறாலுக்கான நேரம். வெங்காயம் வதங்கி, தக்காளி கரைந்து, மசாலாவின் பச்சை வாடை போய், எண்ணெய் பிரிய 15 முதல் 20 நிமிஷம் வேண்டும்தான். நம் வீடுகளில் இறாலையும் முதலிலேயே உள்ளே போட்டுவிடுவதால், மசாலாவுக்குத் தேவையான நேரம் முழுவதையும் இறாலும் சேர்ந்து அனுபவிக்கிறது. மசாலாவை முழுதாக முடித்துவிட்டு இறாலைக் கடைசியில் சேர்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகிவிடும்.

மட்டன் மாதிரி இன்னும் கொஞ்சம் வேகவிட்டா மறுபடியும் மெத்துனு ஆகாதா?

ஆகாது. மட்டனில் தசை நார்களைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் நிறைய உண்டு. அது மெதுவாக, நெடுநேர வேக்காட்டில் ஜெலட்டினாகக் கரையும்போதுதான் கறி பஞ்சு போல ஆகிறது. இறாலில் அந்தப் பொருள் மிகக் குறைவு. நீரில் மிதந்து வாழும் சின்ன உடம்புக்கு அவ்வளவு கட்டுமானம் தேவைப்படுவதில்லை.

இறாலின் சதையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும், அதைப் பிடித்துவைத்திருக்கும் புரதமும்தான். சதையின் சூடு 50 டிகிரியைத் தாண்டும்போதே புரதம் இறுகத் தொடங்கும். 60-ஐ ஒட்டி நிறம் மாறி, கடித்தால் லேசாக முறியும் பதம் வரும். 70-ஐ நெருங்கும்போது நார்கள் சுருங்கித் தங்களுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். போன நீர் திரும்ப உள்ளே போகாது. அதற்குமேல் எவ்வளவு நேரம் குழம்பில் கொதித்தாலும் சதை காய்ந்து நார் நாராகத்தான் மாறும்.

கணவாய்க்குச் சொல்கிற ‘ஒன்று 2 நிமிஷம், இல்லாவிட்டால் 40 நிமிஷம்’ என்ற கணக்கை இறாலுக்குக் கொண்டுவர வேண்டாம். அதில் கொலாஜன் கூடுதல், அதனால் இரண்டாவது வழி அதற்கு உண்டு. இறாலுக்கு முதல் வழி மட்டும்தான்.

சைஸைப் பொறுத்து எத்தனை நிமிஷம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

மீன் கடையிலும் பண்ணையிலும் ‘கவுண்ட்’ என்று சொல்வார்கள். தலையோடு ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் அது. எண் கூடக் கூட இறால் சின்னது. வாங்கும்போதே கேட்டுக்கொண்டால் அடுப்பில் எவ்வளவு நேரம் என்பது அங்கேயே முடிவாகிவிடும். உரித்து, ஈரம் ஒற்றி, நன்றாகக் காய்ந்த வாணலியில் ஒரே அடுக்காகப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஆகும் நேரம்:

100 கவுண்டும் அதற்கு மேலும் (பொடி இறால்): 1 முதல் 1½ நிமிஷம்
60 முதல் 70 கவுண்ட் (நடுத்தரம்): 2 நிமிஷம்
30 முதல் 40 கவுண்ட் (பெரியது): 3 நிமிஷம்
20 கவுண்டும் அதற்குக் கீழும் (பெரிய புலி இறால்): 4 முதல் 5 நிமிஷம்

கொதிக்கும் குழம்பில் பச்சையாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். இறாலைப் போட்டதும் குழம்பின் கொதி அடங்கிவிடும், அது மறுபடி எழுவதற்குத்தான் அந்த ஒரு நிமிஷம். ஓட்டோடு வறுத்தாலும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

இதெல்லாம் அரைக்கிலோவுக்குள் சமைக்கும்போது சரிவரும் கணக்கு. ஒரு கிலோவை ஒரே வாணலியில் குவித்தால் எந்தக் கணக்கும் நிற்காது. அடியில் இருப்பது வெந்து முடிந்திருக்கும்போது மேலே இருப்பது பச்சையாகவே இருக்கும். எல்லாம் வேகட்டும் என்று காத்திருந்தால் பாதி இறால் ரப்பராகிவிடும். கலப்புச் சரக்காக வாங்கி வந்திருந்தால் பெரியதையும் சின்னதையும் இரண்டு கிண்ணமாகப் பிரித்துவைத்து, பெரியதை முதலில் போட்டு ஒரு நிமிஷம் கழித்துச் சின்னதைப் போடுங்கள்.

நிறம் மாறினதும் எடுத்துடலாமா?

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பச்சை இறாலில் செம்மஞ்சள் நிறமி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்திருப்பதால் வெளியே சாம்பலாகவோ நீலம் கலந்தோ தெரிகிறது. சூடு பட்டதும் அந்தப் புரதம் குலைந்து நிறமி வெளியே வருகிறது. சூடு முதலில் படுவது மேற்பரப்பில்தானே, அதனால் வெளியே சிவந்துவிட்ட பெரிய இறாலின் நடு இன்னும் பச்சையாக இருக்கலாம். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் பிரட்டிவிட்டால் நிறத்தைப் பார்க்கவே வழியில்லை.

பார்க்க வேண்டிய இடம் வேறு. குடல் எடுக்க முதுகில் கீறினோம் அல்லவா, அந்தக் கீறலின் அடியில், தலைப்பக்கத்துத் தடித்த பகுதியைப் பாருங்கள். அங்கே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. முழுக்க வெள்ளையாகி, ஆனால் ஈரப் பளபளப்போடு இருந்தால் வெந்துவிட்டது. அடுப்பை அணைக்க வேண்டியது இதற்கு ஒரு கணம் முன்னால், கீறலின் அடியில் ஒரு நூலளவு மட்டும் ஊடுருவல் மிச்சமிருக்கும்போது. இறாலில் இருக்கும் சூடே மீதியை முடித்துவிடும்.

சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் பெரிய இறாலில் குத்திப் பார்க்கலாம். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் கடல் உணவுக்குச் சொல்வது 63 டிகிரி. கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் ஊடுருவல் துளியும் இல்லாமல் முழுதாக வேகவிட்டே பரிமாறுங்கள். அதற்காக 15 நிமிஷம் தேவையில்லை, அரை நிமிஷம் கூடுதலாக விட்டால் போதும்.

அதிகமா வெந்துடுச்சுனு சாப்பிடாமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதலில் சுருளைப் பாருங்கள். சரியாக வெந்த இறால் அரைவட்டமாக வளைந்திருக்கும். வாலுக்கும் தலைப்பக்கத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி தெரியும். கூடுதலாக வெந்தால் வால் வந்து தலைப்பக்கத்தைத் தொட்டு முழு வட்டமாகச் சுருண்டுகொள்ளும். வயிற்றுப் பக்கத்துத் தசை வலுவானது, அது சுருங்கச் சுருங்க உடம்பை உள்நோக்கி இழுக்கிறது. முதுகை ஆழமாகக் கீறி விரித்த இறாலுக்கும் குச்சியில் குத்திய இறாலுக்கும் இந்த அடையாளம் செல்லாது, அவை வேறு விதமாக வளையும்.

அடுத்தது அளவு. வெந்தால் எந்த இறாலும் கொஞ்சம் சுருங்கும். ஆனால் போட்டதில் பாதியாகத் தெரிந்தால் நீர் போய்விட்டது என்று பொருள். மேற்பரப்பில் பளபளப்பு மங்கிச் சுண்ணாம்பு பூசியது போல வறண்டு தெரியும், கட்டுக்கட்டாக இருக்கும் சதை வளையங்களுக்கு இடையே பிளவு விழும், ஓரத்தில் வெள்ளையாகப் புரதம் திரண்டு ஒட்டியிருக்கும். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்துங்கள்: சரியான பதத்தில் அமுங்கி மெதுவாகத் திரும்பும், மீறிவிட்டால் அமுங்கவே மறுக்கும்.

இறால் போட்டதும் வாணலி முழுக்க தண்ணி விட்டுடுது. அது வத்தற வரைக்கும் வேகவிட வேண்டாமா?

பெரும்பாலான வீடுகளில் இறால் கெடுவது இங்கேதான். அந்தத் தண்ணீர் இறாலுக்குள்ளிருந்து வந்தது. அதை வற்ற வைக்க 8, 10 நிமிஷம் ஆகும், அவ்வளவு நேரமும் இறால் அதிலேயே கிடந்து கொதிக்கும். தண்ணீர் வற்றினால்தான் இறால் வெந்ததாகக் கணக்கு என்ற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஆனால் விடுவதற்குக் கஷ்டமான பழக்கம் அது.

இறாலைக் கரண்டியால் அள்ளித் தட்டில் வையுங்கள். வாணலியில் நிற்கும் நீரைத் தனியாகக் கொதிக்கவிட்டுச் சுண்ட வையுங்கள். அதில் இறாலின் சாரம் இருக்கிறது, கொட்டிவிட வேண்டாம். சுண்டியதும் இறாலைத் திரும்பப் போட்டுப் பிரட்டினால் முடிந்தது.

தண்ணீர் அவ்வளவு விடாமலே பார்த்துக்கொள்ளலாம். கழுவிய இறாலை வடிதட்டில் 10 நிமிஷம் வைத்து, பிறகு சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். போட்டதும் ‘சுர்ர்’ என்று கேட்க வேண்டும், அந்தச் சத்தம் தொடர வேண்டும். சத்தம் அடங்கிக் ‘களக் களக்’ என்று மாறினால் வாணலி நிரம்பிவிட்டது, இறால் வறுபடாமல் அவிந்துகொண்டிருக்கிறது. பாதியை எடுத்துவிட்டு இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

சரி, தொக்கு எப்படிச் செய்யறதுனு படிப்படியா சொல்லுங்க.

50 கவுண்ட் இறால் தலையோடு ஒரு கிலோ வாங்கினால், தலையும் ஓடும் குடலும் போக அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நாலைந்து பேருக்குப் போதும். அதில் முக்கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி 15 நிமிஷம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு சதைக்குள் இறங்கினால் வேகும்போது புரதம் நீரைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பு வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காயட்டும். இறாலை இரண்டு பங்காகப் பிரித்து, முதல் பங்கை ஒரே அடுக்காகப் பரப்பி 40 விநாடி தொடாமல் விடுங்கள். திருப்பிவிட்டு இன்னொரு 30 விநாடி. நடு இன்னும் பச்சையாகத்தான் இருக்கும், பரவாயில்லை, தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாவது பங்கும் அப்படியே.

அதே வாணலியில் 3 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயம் 200 கிராம் போட்டு நிறம் மாறும்வரை வதக்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் இறாலின் சிவந்த பொருக்கை வெங்காயத்தின் ஈரமே கிளப்பிவிடும். இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், அப்புறம் இரண்டு தக்காளி, ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், இரண்டு டீஸ்பூன் மல்லித்தூள், உப்பு. இறாலில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் இங்கே கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதில் அவசரம் கூடாது. தக்காளி முழுதாகக் கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் வழித்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும். 15 நிமிஷமாவது ஆகும்.

இதற்குள் தட்டில் இறாலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் கட்டியிருக்கும். முதலில் அந்த நீரை மட்டும் மசாலாவில் ஊற்றிச் சுண்டவிடுங்கள். பிறகு தீயைக் கூட்டி இறாலைப் போட்டு, ஒரு நிமிஷம் முதல் ஒன்றரை நிமிஷம் பிரட்டி, முதுகுக் கீறலைப் பார்த்து அடுப்பை அணையுங்கள். மிளகுத்தூளும் மல்லித்தழையும் தூவி, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இரும்பு வாணலி அணைத்த பிறகும் சூட்டை விடாது. அதிலேயே மூடிவைத்தால் இவ்வளவு நேரம் காத்த பதம் 5 நிமிஷத்தில் போய்விடும்.

மண்சட்டியில புளிக்குழம்பு வைக்கறோம். அதுக்கும் இதே முறையா?

முறை அதேதான், இறாலை வறுத்தெடுக்கும் வேலை மட்டும் தேவையில்லை. புளிக்கரைசல் கொதித்துப் பச்சை வாடை போய், குழம்பு உங்களுக்கு வேண்டிய கெட்டிக்கு வந்த பிறகு பச்சை இறாலைப் போடுங்கள். முருங்கைக்காய், கத்தரிக்காய், மாங்காய் போடுவதாக இருந்தால் அவை முழுதாக வெந்திருக்க வேண்டும்.

மண்சட்டி விஷயத்தில் ஒன்று. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது சில நிமிஷம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் மேலே சொன்ன குழம்பு நேரத்தில் ஒரு நிமிஷத்துக்கு முன்பே அணைத்து, மூடாமல் வையுங்கள். பொடி இறால் என்றால் போட்டு, ஒரு கொதி எழுந்ததும் அணைத்துவிடலாம்.

பிரியாணிக்கு தம் போடும்போது எப்படித் தப்பிக்கறது?

பிரியாணிக்குப் பெரிய இறாலாக, 30 கவுண்டோ அதற்குக் கீழோ வாங்குங்கள். தீ பலமாக இருக்கையில் பக்கத்துக்கு அரை நிமிஷம் மட்டும் வாட்டி எடுத்துத் தனியாக வையுங்கள். மசாலாவும் அரிசியும் முக்கால் பதம் வந்து தம் போடும்போது, அரிசிக்கு நடுவே புதைக்காமல் மேலாகப் பரப்பி மூடுங்கள். தம்மின் ஆவியே மீதி வேக்காட்டைப் பார்த்துக்கொள்ளும். குக்கரில் செய்தால், ஆவி அடங்கித் திறந்ததும் சூடான சோற்றின் மேல் ஏற்கெனவே முழுதாக வதக்கிய இறாலைக் கலந்து கிளறிவிடுங்கள். இறாலை உள்ளே போட்டு விசில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குக்கரின் உள்சூடு 100 டிகிரியைத் தாண்டும், பாதியில் திறந்து பார்க்கவும் முடியாது.

எங்க இறால் கடினமா இல்ல, மாவு மாதிரி இருந்துச்சு. இதுவும் அதிகமா வெந்ததாலதானா?

பெரும்பாலும் இல்லை, அது அடுப்புக்கு வருவதற்கு முன்பே நடந்தது. இறாலின் தலைக்குள் இருக்கும் செரிமான உறுப்பில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் உண்டு. இறால் இறந்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவை கசிந்து சதையைத் தின்னத் தொடங்கும். முதலில் குழையும் இடம் தலையை ஒட்டிய பகுதி. வாங்கும்போதே பாருங்கள்: தலை உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், தொங்கவோ கருத்திருக்கவோ கூடாது. வீட்டுக்கு வந்ததும் தலையைக் கிள்ளிவிட்டு ஐஸ் நீரில் கழுவுங்கள். குழைந்துபோன இறாலை எத்தனை நிமிஷக் கணக்கும் காப்பாற்றாது.

சமையலறையிலேயே மாவாக்க இன்னொரு வழி பப்பாளிக்காய் விழுது. மட்டனுக்குப் போடுவதை நினைத்து இதில் போட்டுவிடாதீர்கள்.

எலுமிச்சை, தயிர், சோடா உப்பு இதெல்லாம் போட்டு ஊறவைக்கலாமா?

எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு, தீ இல்லாமலே புரதத்தை இறுக வைக்கும். அரைமணி நேரம் ஊறிய இறாலின் வெளிப்பக்கம் வெளுத்து வெந்தது போலத் தெரியும். அதை அடுப்பில் போடுவது இரண்டாம் முறை வேகவைப்பது மாதிரி. புளிப்பு வேண்டுமென்றால் இறக்கிய பிறகு பிழியுங்கள். தயிர் அவ்வளவு கடுமையில்லை, 15 நிமிஷம் தாங்கும்.

சோடா உப்பு வேலை செய்யும். சீன ஓட்டல்களில் இறால் கடித்தால் ‘நறுக்’கென்று முறிவதற்கு இதுவும் ஒரு காரணம். அரைக்கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சோடாவும் அரை டீஸ்பூன் உப்பும் பிரட்டி, 15 நிமிஷம் கழித்துக் கழுவிவிட வேண்டும். தொக்குக்காக என்றால் முன்னே சொன்ன உப்பை இதன்மேல் மறுபடி போட வேண்டாம். சோடா கூடினால் சோப்பு வாடை வரும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. புதிதாக வந்த கடல் இறாலுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. உறைந்த பாக்கெட் இறாலுக்குப் பயன்படும்.

ஃப்ரீசர்ல இருக்கற இறாலை அப்படியே போடலாமா?

வேண்டாம். வெளியே வெந்து முடியும்போது உள்ளே பனி இருக்கும், வாணலியும் குளிர்ந்துவிடும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது நல்லது. மறந்துவிட்டால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், 20 முதல் 30 நிமிஷத்தில் இளகிவிடும். வெந்நீரில் போட்டால் ஓரங்கள் அங்கேயே வேகத் தொடங்கும். பாக்கெட்டை வாங்கும்போது இன்னொன்றைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்து உறைய வைத்தது. வேகவைத்தது என்றால் சூடேற்றினால் போதும், மறுபடி சமைக்கக் கூடாது.

ரப்பராயிடுச்சு. இப்ப என்ன பண்ணலாம்?

பழைய பதத்துக்குக் கொண்டுவர முடியாது, பல்லுக்கு வேலை குறையும்படி மாற்றலாம். பொடியாக நறுக்கி முட்டைப் பொரியலிலோ ஃப்ரைடு ரைஸிலோ கடைசியில் கலந்துவிடலாம். இல்லாவிட்டால் தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து வடையாகத் தட்டலாம். இறால் வடைக்கு மெத்தென்ற இறால் தேவையே இல்லை.

மிச்சத்தை மறுநாள் சூடுபண்ணினா கல்லா போயிடுது. வழி உண்டா?

மீதமாகும் என்று தெரிந்தால் இறாலையும் மசாலாவையும் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மசாலாவைக் கொதிக்க வைத்து, இறாலை அதில் போட்டு, அது ஆவி பறக்கும் அளவுக்குச் சூடானதும் இறக்குங்கள். மைக்ரோவேவில் என்றால் பாதி பவரில், இடையிடையே கிளறி. இரண்டாம் முறை மிச்சமானதை மறுபடி சூடாக்க வேண்டாம்.